வண்ண அரிசிக் கோலப் போட்டி: நம் பள்ளிப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். தீபாவளியை ஒட்டி நம் பள்ளியில் நடக்கவிருக்கும் அலங்காரப் போட்டிக்கான அறிவிப்பு போன வாரமே பிள்ளைகள் கையில் வந்து சேர்ந்திருக்கும். அரைப்பக்கத் தாள். தேதி, நேரம், விதிகள், புள்ளிகள் எல்லாம் அதில் உண்டு. ஏன் இந்த விதி என்பது மட்டும் இல்லை. அதனால் புலனக் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. கலர் பொடி ஏன் கூடாது? அம்மா கூட உட்காரக் கூடாதா? "அழகுக்கு எத்தனை புள்ளி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இந்தப் போட்டியைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், தனித்தனியாகப் பதில் போடுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரு மடலாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் போட்டி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள். வகுப்புக்கு ஒரு குழு, குழுவுக்கு ஆறு பேர். பள்ளி மண்டபத் தரையில் நான்கு அடி விட்டத்துக்குள் ஒரு வண்ண அரிசிக் கோலம். தீபாவளி விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை, காலை எட்டரை மணியிலிருந்து பத்தரை வரை இரண்டு மணி நேரம். வகுப்பறை வாசலில் போடலாமே என்று சில ஆசிரியர்களும் கேட்டார்கள். பினாங்கில் அக்டோபர், நவம்பர் மழை எப்படி என்று நமக்குத் தெரியும். நடைபாதையில் சாரல் அடித்தால் அரிசி ஊறி, சாயம் சிமெண்டில் இறங்கிவிடும். ஆகவே மண்டபம்தான்.

அடுத்து, அரிசி. இங்கே தீபாவளிக் கோலம் என்றால் பேரங்காடிகளில் பார்க்கிற மாதிரி வண்ண அரிசிக் கோலம்தான் பிள்ளைகள் மனதில் வருகிறது. அரிசி கனமானது, பரப்பிய இடத்தில் நிற்கும், தப்பாகப் போனால் அள்ளி எடுத்துத் திருத்தலாம். கலர் பொடியில் அது முடியாது. பொடி காற்றில் எழும்பும், குனிந்து வேலை செய்கிற பிள்ளை அதையேதான் மூச்சில் இழுக்கும். நம் பிள்ளைகளில் இழுப்பு உள்ளவர்கள் பலர். அதனால் பொடி கூடாது.

கல் உப்பில் சாயம் கலந்து கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கும் பதில், வேண்டாம் என்பதுதான். காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு நீர்விட ஆரம்பித்துவிடும். நம் ஊரில் மழைநாளில் அது சர்வசாதாரணம். பத்து மணிக்கு அழகாக இருந்த நீலமும் சிவப்பும் மதியத்துக்குள் ஒன்றோடொன்று கசிந்து ஊதாவாகிவிடும். துணிச் சாயம், பசை, மினுக்குத் தூள், பாலிஸ்டிரின் இவையும் கூடாது. எரியும் விளக்கு வேண்டாம். வெறும் அகல் வைக்கலாம். ஓரத்தில் ஒரு வரிசை பூ வைக்கலாம். கறுப்புக்குத் தோல் நீக்காத உளுந்தும், பச்சைக்குப் பாசிப்பயறும் சாயமே போடாமல் பயன்படுத்தலாம். உண்மையில் கறுப்புச் சாயம் போட்ட அரிசியைவிட உளுந்துதான் சுத்தமான கறுப்பாகத் தெரியும்.

"அரிசியை இப்படி வீணாக்குவதா?" என்று ஒரு தாத்தா என்னை நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் குருணை அரிசி என்று அறிவிப்பில் போட்டோம். விலையும் குறைவு, வேலைக்கும் அதுதான் நல்லது. முழு அரிசி நீளமாக இருப்பதால் வளைகோட்டின் ஓரம் ரம்பம் மாதிரி பல்பல்லாகத் தெரியும். குருணையில் ஓரம் மென்மையாக வரும். வீட்டில் வண்டு பிடித்த பழைய அரிசி கிடந்தால் அதையும் கொண்டுவரலாம், வண்டை நீக்கிச் சலித்துவிட்டு. அளவுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறோம்: குழுவுக்கு மூன்றரை கிலோ, மொத்தச் செலவு முப்பது ரிங்கிட்டுக்குள். ரசீதைக் கேட்கப் போவதில்லை, உங்கள் மனசாட்சிதான்.

இந்த மூன்றரை கிலோ எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் பத்து கிலோ மூட்டையே வாங்கிவிடுகிறார்கள். நான்கு அடி விட்டமுள்ள வட்டம் ஏறக்குறைய 1.2 சதுர மீட்டர். தரை தெரியாமல் மூட வேண்டுமென்றால் அரிசி சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் போதும். அந்தக் கனத்தில் ஒரு கிலோ அரிசி 0.4 சதுர மீட்டரை மூடும். ஆக மூன்று கிலோ. மேலே அரைக் கிலோ கையிருப்பு.

அந்தக் கையிருப்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு தாமரைக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். இதழ்களுக்கு அடர்ந்த இளஞ்சிவப்பு அரைக் கிலோ, வெளிறிய இளஞ்சிவப்பு அரைக் கிலோ, இலைகளுக்குப் பச்சை அரைக் கிலோ, நடுவுக்கு மஞ்சள் கால் கிலோ, ஓரக்கோட்டுக்கு வெள்ளை கால் கிலோ, பின்னணியில் தண்ணீருக்கு நீலம் ஒரு கிலோ. மொத்தம் மூன்று. மீதி அரைக் கிலோவை நீலத்தோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவாகவே சாயம் போட்டுவிடுங்கள். காரணம், பின்னணி நிறம்தான் கடைசியில் தீர்ந்துபோகும். மறுபடி கலந்தால் அதே நீலம் வரவே வராது, எத்தனை சொட்டு விட்டோம் என்று எழுதி வைத்திருந்தாலும் சரி. பின்னணியில் இரண்டு நீலம் தெரிந்தால் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தே கண்ணில் படும். ஒரு நிறத்தை ஒரே வீட்டில்தான் போட வேண்டும் என்று விதியில் சொல்லியிருப்பதும் இதற்காகத்தான். ஆறு பிள்ளைகள், ஆறு வீடுகள், வீட்டுக்கு ஒரு நிறம். வெள்ளைக்குச் சாயம் தேவையில்லை என்பதால் அந்த வீட்டுக்காரர்கள் அரிசியைச் சலித்துக் கொடுத்தால் போதும்; யாருக்கு அந்த யோகம் என்று பிள்ளைகளே சீட்டுக் குலுக்கிக்கொள்ளட்டும்.

சாயம் போடும் வேலைதான் பெற்றோர் உதவக்கூடிய இடம். அதைப் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

அரிசியைக் கழுவாதீர்கள். கழுவினால் ஊறி நொறுங்கும். ஆனால் கட்டாயம் சலியுங்கள். குருணையில் மாவுத்தூள் நிறைய இருக்கும். சாயத்தை முதலில் உறிஞ்சிக்கொள்வது அந்தத் தூள்தான், அரிசி வெளிறிப்போய் அங்கங்கே கட்டி தட்டும். சலித்த அரிசி ஒரு கிலோவைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கேசரிப் பவுடர் அரைத் தேக்கரண்டி எடுத்து, ஐந்து தேக்கரண்டி வினிகரில் கரையுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம். மளிகைக் கடையில் விற்கிற வெள்ளை வினிகர் போதும், லெபோ பசார் பக்கம் போனால் பவுடர் எல்லா நிறத்திலும் கிடைக்கும். கரைசலை அரிசியில் ஊற்றி, பையின் வாயைக் கட்டி, பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் குலுக்கட்டும், பிசையட்டும். வெள்ளைப் புள்ளி எதுவும் தெரியாத வரைக்கும் குலுக்க வேண்டும். நிறம் போதவில்லை என்று தோன்றினால் இன்னும் ஒரு சிட்டிகை சேர்க்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம் காய்ந்ததும் ஒரு படி இறங்கிவிடும். ஆகவே ஒரு பிடியை மின்விசிறிக்குக் கீழே காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் அதே பவுடரில் கால்பங்கு எடுத்தால் போதும்.

இனிக் காயவைப்பது. எல்லாம் கெட்டுப்போவது இங்கேதான். பழைய நாளிதழ்மேல் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, இடையிடையே கையால் கிளறிவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு இரவு போதும். நமக்கு இந்த மாதம் இரண்டு இரவு ஒதுக்குங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து அழுத்துங்கள். தாளில் நிறம் ஒட்டவில்லை, கையைத் திறந்ததும் அரிசி தனித்தனியாக உதிர்கிறது என்றால் சரி. நிறம் ஒட்டினால் இன்னொரு இரவு. ஈர அரிசியைப் பையில் கட்டிவைத்தால் இரண்டே நாளில் புளித்த வாடை வரும், அப்புறம் பூஞ்சணம். அது போதாதென்று, ஈரச் சிவப்பு பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்கும் நிறத்தைக் கொடுத்துவிடும். பூஞ்சணம் பிடித்த அரிசியோடு வந்தால் மண்டபத்துக்குள் விடமாட்டோம், வருத்தப்படக் கூடாது. சாயத்தைச் செவ்வாய்க்கிழமை போடாதீர்கள். முந்தைய சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

மஞ்சளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கேசரிப் பவுடருக்குப் பதில் சமையல் மஞ்சள்தூளைப் போட விரும்பினால் தாராளமாகப் போடலாம், நிறம் நன்றாகவே வரும். ஆனால் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிச் சீருடையில் அனுப்பாதீர்கள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டுவிட்டால் சோப்புப் போட்டதும் அது செக்கச்செவேல் என்று மாறும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரியம்தான்: சோப்பும் காரம், சுண்ணாம்பும் காரம். நல்ல தண்ணீரில் அலசினால் பழையபடி மஞ்சளுக்கே திரும்பும். முழுதாகப் போக வெயில்தான் வேண்டும், வெயிலுக்கு இந்த மாதம் எங்கே போவது? எனவே ஆறு பேரும் உடற்கல்வி உடையில் வரட்டும்.

இப்போது பலருக்குக் கோபம் வரவழைத்த விதிக்கு வருகிறேன். எட்டரை மணிக்கு மண்டபக் கதவு சாத்தப்படும். பத்தரை வரை பெற்றோர் உள்ளே வர முடியாது. சிற்றுண்டிச்சாலையில் தேநீர் ஏற்பாடு செய்திருக்கிறோம், அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் வெள்ளைத் தாளில் தாங்களே வரைந்த மாதிரிப் படத்தைக் கொண்டுவரலாம். சுண்ணக்கட்டி, நூல், அடிக்கோல், ஐஸ்கிரீம் குச்சி, தூரிகை கொண்டுவரலாம். கடையில் விற்கிற துளையிட்ட அச்சுத் தகடு கூடாது, பெரிதாக அச்செடுத்த படத்தைத் தரையில் வைத்து அதன்மேலேயே அரிசி கொட்டுவதும் கூடாது. சாமி படங்களும் வேண்டாம், நாட்டுக் கொடியும் வேண்டாம். மதியம் கூட்டிப் பெருக்கப்போகிற தரையில் அவை இருப்பது சரியில்லை. மயில், தாமரை, குத்துவிளக்கு, செம்பருத்தி எல்லாம் போடலாம்.

இரண்டு மணி நேரம் போதுமா என்று சந்தேகம் வேண்டாம். வீட்டில் ஒரு தடவை சின்ன அளவில் பழகிவிட்டு வந்தால் தாராளம். நூலின் ஒரு முனையை ஒரு பிள்ளை நடுவில் விரலால் அழுத்திப் பிடிக்க, இன்னொரு பிள்ளை மறுமுனையில் கட்டிய சுண்ணக்கட்டியால் வட்டம் போடும். வட்டத்தை நான்காக, பிறகு எட்டாகப் பிரித்துக்கொண்டால் இதழ்கள் ஒரே அளவில் வரும். இதற்கே கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும், அதை அவசரப்படுத்தினால் பிறகு எதுவும் சரிவராது. அரிசி போடுவது நடுவிலிருந்து வெளியே வர வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்த குழு, கடைசியில் நடுப்பூவைப் போடப் போட்டு முடித்ததன்மேலேயே முழங்காலை ஊன்றும். தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை விட்டு, முதலில் கோட்டை ஒட்டி ஒரு மெல்லிய வரி. அப்புறம் உள்ளே கொட்டி அடிக்கோலால் தட்டையாக்க வேண்டும். அடர் நிறத்தை முதலில், வெளிர் நிறத்தைப் பிறகு. நீலத்தில் விழுந்த நாலு வெள்ளை மணியைப் பொறுக்குவது சுலபம். வெள்ளையில் விழுந்த நீலத்தைப் பொறுக்கப் போனால் ஒன்றை எடுக்கும்போது இரண்டு உள்ளே புதையும்.

புள்ளிகளுக்கு வருவோம். மொத்தம் நூறு. "அழகு" என்று ஒரு கட்டமே புள்ளித்தாளில் கிடையாது, வேண்டுமென்றேதான் விட்டோம். அது இருந்தால் ஒவ்வொரு நடுவரும் தனக்குப் பிடித்த கோலத்துக்கு அள்ளிப் போடுவார், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. அமைப்புக்கும் சமச்சீருக்கும் 25. நடுவர் நான்கு பக்கமும் நின்று பார்ப்பார், எதிரெதிர் இதழ்களை நூல் வைத்து அளப்பார். கோட்டுச் சுத்தத்துக்கும் நிரப்பலுக்கும் 30. தரை எங்கேயாவது தெரிகிறதா, ஓரம் பக்கத்து நிறத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. நிறத் தேர்வுக்கு 20. நிறங்களின் எண்ணிக்கைக்குப் புள்ளி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு நிறங்கள் தள்ளிநின்று பார்த்தாலும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். குழுவேலைக்கு 15. ஒரு பிள்ளை மட்டும் வேலை செய்ய ஐந்து பேர் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றால் இங்கே அடிபடும். நடுவர்கள் இரண்டு மணி நேரமும் மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஏன் இந்த நிறம், இந்த வளைவை எப்படிப் போட்டீர்கள் என்று குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்பார்கள். மீதி 10 புள்ளி, பன்னிரண்டு மணிக்குமேல் தரையைச் சுத்தம் செய்வதற்கு. பொறுக்காமல் விட்ட அரிசிக்கு அன்றிரவே எலி வரும், அதனால் இந்தப் பத்தைச் சும்மா கொடுக்க மாட்டோம். கலக்காமல் மீந்த அரிசியைப் பிள்ளைகள் வீட்டு வாசல் கோலத்துக்கு எடுத்துப் போகலாம். கலந்துபோனதைப் பள்ளித் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்துவிடுவோம். கால்வாயில் கொட்டக் கூடாது.

மூன்று நடுவர்கள். அவர்கள் போடும் புள்ளிகளை அப்படியே கூட்டப் போவதில்லை, இதைக் கேட்டுத்தான் சிலர் குழம்பிப்போனார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பாரதி, வள்ளுவர், கம்பர் என்று மூன்று வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுவர் பாரதிக்கு 82, வள்ளுவருக்கு 80, கம்பருக்கு 78 போடுகிறார். இரண்டாமவர் 81, 79, 77. இருவருக்குமே பாரதிதான் முதல். மூன்றாமவர் போடும்போது அள்ளிப் போடுகிறவர், இறக்கும்போதும் ஒரேயடியாக இறக்குகிறவர். பாரதிக்கு 60, வள்ளுவருக்கு 85, கம்பருக்கு 55. கூட்டினால் பாரதிக்கு 223, வள்ளுவருக்கு 244. இரண்டு நடுவர்கள் முதலிடம் கொடுத்த கோலம் தோற்றுவிடுகிறது, காரணம் மூன்றாமவரின் புள்ளிகள் அதிகம் விரிந்திருப்பதுதான். அவர் ஒருவரே போட்டியை முடிவுசெய்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் இடமாக மாற்றி, இடங்களைக் கூட்டப்போகிறோம். பாரதி முதல், முதல், இரண்டாவது: மொத்தம் 4. வள்ளுவர் இரண்டாவது, இரண்டாவது, முதல்: மொத்தம் 5. குறைந்த எண் வெல்லும், ஆகவே பாரதி. இடக்கணக்கிலும் சமமாக வந்தால் கோட்டுச் சுத்தத்தில் மூன்று நடுவர்களும் போட்ட புள்ளியைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வோம். அந்த ஒரு கட்டத்தில்தான் கருத்துக்கு இடம் குறைவு. சொந்தப் பிள்ளையோ உறவுக்காரப் பிள்ளையோ போட்டியில் இருப்பவர் நடுவராக இருக்க மாட்டார்.

முடிவு வெள்ளிக்கிழமை காலைச் சபைகூடலில் அறிவிக்கப்படும். புள்ளித்தாள்களின் நகலை வகுப்பாசிரியரிடம் கேட்டால் காட்டுவார்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் பேச வாருங்கள், பேசலாம். முதல் மூன்று குழுக்களுக்கும் புத்தகப் பற்றுச்சீட்டு உண்டு.

குழுவின் ஆறு பெயர்களும், எந்த வீட்டில் எந்த நிறம் என்பதும் எழுதிய தாளைப் போட்டிக்குப் பத்து நாள் முன்பாக வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகிற பெற்றோர்கள், சாயம் போட நேரமே இல்லை என்றால் அதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள். முந்தைய சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் சிலர் கூடி அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து சாயம் போடுவோம். சலித்த அரிசியும் வாய் அகலமான பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கொடுத்தனுப்பினால் போதும்.

அன்புடன்,
போட்டி ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவை உறுப்பினர், பினாங்கு